நூற்றவளின் கட்டைவிரல்

2025 அக்டோபரில் ஒன்றிய அரசின் தொழிலாளர் அமைச்சகம் ஒரு தேசியத் தொழிலாளர் கொள்கையின் வரைவை வெளியிட்டது. ‘சிரம சக்தி நீதி’ என்று அதற்குப் பெயர். மனுஸ்மிருதியும் யாக்ஞவல்கிய ஸ்மிருதியும் நாரத ஸ்மிருதியும் சுக்ரநீதியும் அர்த்தசாஸ்திரமும் நியாயமான கூலியையும் உழைப்பவருக்கான பாதுகாப்பையும் அரசனின் தருமமாக வைத்தன என்று அந்த வரைவு சொன்னது. தொழிற்சங்கங்கள் கண்டித்தன. மனுவின் பெயரைக் கேட்டவுடனே எழும் கோபம் அது. நியாயமான கோபம்தான். ஆனால் ‘மனுவா, கூடாது’ என்று சொல்லி நாம் நிறுத்திக்கொண்டால், ‘நீங்கள் படிக்காமல் எதிர்க்கிறீர்கள்’ என்ற பதில் தயாராக இருக்கும். அதனால் படித்துவிட்டே பேசுவோம். அந்த நூல்கள் கூலியைப் பற்றி என்ன சொல்கின்றன? கூலி எப்போது கிடைக்கும், எப்போது கிடைக்காது? கூலிக்காரி பெண்ணாக இருந்தால் என்ன ஆகும்?

நான் தமிழ் படித்தவள், தமிழ் கற்பிப்பவள். என் மாணவிகள் பெரும்பாலும் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து வருகிறார்கள். பல்லவர் கலை பற்றிய பாடம் வந்தால் பனமலைக்குப் போவோம். ராசசிம்மன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில் குன்றின்மேல் இருக்கிறது. சுவரில், ஒரு காலை மடித்து நின்றபடி சிவனின் ஆட்டத்தைப் பார்க்கும் உமையின் ஓவியம் மிச்சமிருக்கிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டு பழைய அந்தப் பெண்ணைப் பற்றி எழுதுவதற்கு நிறையப் பேர் இருக்கிறார்கள். குன்றுக்குக் கீழே ஏரி இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பெண்கள் நூறு நாள் வேலையை ‘ஏரி வேலை’ என்றுதான் சொல்வார்கள். என் மாணவிகளில் பலருடைய அம்மாக்கள் ஏரி வேலைக்குப் போனவர்கள். பழைய நூலில் கூலிச் சட்டம் படிக்கும்போது என் கண்முன் நிற்பது அவர்கள்தான்.

முதலில் அந்த நூல்களுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். ஸ்மிருதிகள் அரசன் தீர்க்க வேண்டிய வழக்குகளைப் பதினெட்டுத் தலைப்புகளாகப் பிரிக்கின்றன. அவற்றில் ஒன்று கூலி கொடாமை. கடன், அடகு, எல்லைத் தகராறு போன்றவற்றோடு கூலியும் ஒரு வழக்காக நிற்கிறது. கூலி என்பது எசமானின் கருணை அல்ல, வழக்காடிக் கேட்கக்கூடிய ஒன்று என்று ஒப்புக்கொண்ட சட்டம் இது. அதைச் சிறிய விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

அர்த்தசாஸ்திரம் இன்னும் தெளிவானது. அதன் மூன்றாம் அதிகாரத்தில் கூலியாட்களுக்கென்று தனிப் பகுதி உண்டு. கூலியாளுக்கும் வேலை கொடுப்பவருக்கும் உள்ள ஒப்பந்தம் அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதாவது எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஊர்தான் பத்திரம். பேசிய கூலியைக் கொடுக்க வேண்டும். கூலி பேசாமல் வேலைக்கு வைத்திருந்தால், செய்த வேலைக்கும் எடுத்துக்கொண்ட நேரத்துக்கும் ஏற்பக் கொடுக்க வேண்டும். உழுபவருக்கு விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு, மாடு மேய்ப்பவருக்கு நெய்யில் பத்தில் ஒரு பங்கு, வணிகரின் ஆளுக்குச் சரக்கில் பத்தில் ஒரு பங்கு. கூலி கொடுக்காதவருக்குக் கூலியில் பத்தில் ஒரு பங்கோ ஆறு பணமோ அபராதம். ‘நான் கொடுக்க வேண்டியதே இல்லை’ என்று பொய் சாதித்தால் ஐந்தில் ஒரு பங்கோ பன்னிரண்டு பணமோ அபராதம்.

இங்கே பணம் என்பது ஒரு நாணயத்தின் பெயர். அதே நூலில் அரசு ஊழியர் சம்பளப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் கடைசியில் நிற்கும் பணியாளுக்கு ஆண்டுக்கு அறுபது பணம். அறுபதில் பத்தில் ஒரு பங்கு ஆறு. ஐந்தில் ஒரு பங்கு பன்னிரண்டு. மாதத்துக்கு ஐந்து பணம் வாங்கும் ஓர் ஆளின் ஒரு வருடக் கூலியை முழுவதும் ஏமாற்றியவர் கட்டும் அபராதம் அந்த ஆளின் ஒரு மாதச் சம்பளத்தை விடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அந்த ஆறு பணமும் கூலியாளுக்குப் போகாது. அது தண்டம், அரசனின் கருவூலத்துக்குப் போவது.

இப்போது பக்கத்தைத் திருப்புங்கள். கூலியை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு வேலை செய்யாத ஆளுக்கு என்ன தண்டனை? பன்னிரண்டு பணம். அதோடு வேலையை முடிக்கும்வரை அவனைப் பிடித்து வைக்கலாம். நோய், ஆபத்து, இயலாமை, இழிவான வேலை ஆகிய காரணங்களுக்கு விலக்கு உண்டு. தனக்குப் பதிலாக இன்னொருவரை வைத்தும் செய்துகொடுக்கலாம். ‘நீ வேறு ஆளை வைக்கக்கூடாது, நான் வேறு இடத்துக்குப் போகமாட்டேன்’ என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தால், மீறியவர் யாராக இருந்தாலும் பன்னிரண்டு பணம் என்றும் நூல் சொல்கிறது. ஆனால் பிடித்து வைப்பது கூலியாளுக்கு மட்டும்தான். கூலியைக் கொடுக்கும்வரை எசமானைப் பிடித்து வை என்று எந்த வரியும் இல்லை. ஒருவர் வாக்குத் தவறினால் அது காசு விஷயம். இன்னொருவர் வாக்குத் தவறினால் அது உடம்பின் விஷயம். பழைய கூலிச் சட்டம் முழுவதையும் இந்த ஒரு வேறுபாட்டை வைத்துப் படித்துவிடலாம்.

அடுத்தது, இன்றைக்கும் தீராத ஒரு வழக்கு. கூலியாள் வேலைக்கு வந்து நிற்கிறார். எசமான் வேலை கொடுக்கவில்லை. அன்றைய கூலி உண்டா? அர்த்தசாஸ்திரத்தில் இதைப் பற்றி ஒரு விவாதம் பதிவாகியிருக்கிறது. ‘வந்து நின்றதே வேலை செய்ததாகும்’ என்பது பழைய ஆசிரியர்களின் கருத்து. கௌடில்யர் மறுக்கிறார். கூலி செய்த வேலைக்குத்தானே தவிர, செய்யாத வேலைக்கு இல்லை என்கிறார். கொஞ்சமாவது வேலை வாங்கிவிட்டு நடுவில் நிறுத்தினால் மட்டும் செய்ததாகக் கொள்ளலாம் என்று இறங்கி வருகிறார். கவனியுங்கள், கௌடில்யருக்கு முன்பே கூலியாளின் பக்கம் பேசிய ஆசிரியர்கள் இருந்திருக்கிறார்கள். ‘அந்தக் காலத்தில் அப்படித்தான்’ என்று இனி யாரும் சொல்ல வேண்டாம். அந்தக் காலத்திலேயே இரண்டு பக்கம் இருந்தது. நூலாகி நின்றது ஒரு பக்கம்.

விடியற்காலையில் சமைத்து வைத்துவிட்டு, தூக்குச்சட்டியோடு ஏரிக்கரையில் வந்து நிற்கும் பெண்ணுக்கு இந்த விவாதம் நன்றாகப் புரியும். 2023 ஜனவரி முதல் நூறு நாள் வேலையில் வருகையை ஒரு கைபேசிச் செயலியில், நாளைக்கு இரண்டு முறை புகைப்படம் எடுத்துப் பதிய வேண்டும் என்றாக்கினார்கள். சிக்னல் இல்லாத ஏரியில் மத்தியானப் படம் ஏறவில்லை என்றால், காலையிலிருந்து சுமந்த மண் சுமக்காத மண்ணாகிவிடும். கௌடில்யராவது கொஞ்சம் வேலை வாங்கியிருந்தால் செய்ததாகக் கொள் என்றார். செயலி அந்த அளவுக்குக்கூட இறங்கி வராது.

தாமதத்துக்கு வருவோம். 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டப்படி பதினைந்து நாளுக்குள் கூலி வர வேண்டும். அதற்கு மேல் ஆனால் பாக்கிக் கூலியில் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு. தமிழ்நாட்டில் 2024-25இல் நாள் கூலி 319 ரூபாய். ஒரு பெண் ஆறு நாள் மண் வெட்டினால் 1,914 ரூபாய். கெடுவுக்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் அவளுக்குச் சேர வேண்டிய இழப்பீடு ஒரு ரூபாய்க்கும் குறைவு. ஒரு மாதம் தாமதமானால் ஏறத்தாழ 29 ரூபாய். அந்த ஆண்டில்தான் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய கூலித் தொகை தேங்கியது. 1,056 கோடி ரூபாயை விடுவிக்கும்படி 2025 ஜனவரியில் முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அர்த்தசாஸ்திரத்தைப் போற்றும் அரசை அர்த்தசாஸ்திரத்தை வைத்தே கேட்போம். கௌடில்யரின் கணக்குப்படி 1,914 ரூபாயைக் கொடுக்காதவர் கட்ட வேண்டியது பத்தில் ஒரு பங்கு, அதாவது 191 ரூபாய். இந்தச் சட்டத்தின் 0.05 சதவீதம் அந்தத் தொகையைத் தொட இருநூறு நாள் ஆகும். முன்னோர் பெருமை பேசுகிறவர்கள் முன்னோர் போட்ட அபராதத்தையாவது கட்டட்டும். ஆனால் யாரிடம் கட்டுவது? கௌடில்யர் கூலி கொடுக்காதவரிடம் வாங்கி அரசனிடம் கொடுத்தார். இங்கே கூலி கொடுக்காதவரே அரசன்.

மனுவுக்கு வருகிறேன். எட்டாம் அத்தியாயத்தில் நான்கைந்து சுலோகங்களில் கூலி விஷயத்தை முடித்துவிடுகிறார். நோயில்லாத கூலியாள் திமிரால் பேசிய வேலையைச் செய்யாவிட்டால் அபராதம் உண்டு, கூலி இல்லை. நோயாளி நலமடைந்து வேலையை முடித்தால், நெடுநாள் ஆனாலும் கூலி உண்டு. இதுவரை பரவாயில்லை. அடுத்த சுலோகத்தில்தான் கத்தி இருக்கிறது. நோயாளியோ நலமானவரோ, பேசிய வேலையை முடித்துக் கொடுக்காவிட்டால், மீதி இருந்தது மிகக் கொஞ்சமே ஆனாலும், கூலி கிடையாது.

அதை ஒருமுறை நிறுத்திப் படியுங்கள். பத்தில் ஒன்பது பங்கு வேலையை முடித்த ஆளுக்கு ஒன்பது பங்கு கூலி அல்ல, ஒன்றுமே இல்லை. முடியாத ஒரு பங்கு முடிந்த ஒன்பது பங்கையும் அழித்துவிடுகிறது. அந்த ஒன்பது பங்கின் பலன் எசமானிடம் அப்படியே இருக்கிறது. அறுத்த நெல் அவர் களத்தில், கட்டிய சுவர் அவர் வீட்டில். கூலியை ஒழிக்கும் ஒப்பந்தம் என்றால் இதுதான். வேலையைத் துண்டு துண்டாக வாங்கிக்கொண்டு, கூலியை மட்டும் முழுசாக முடிந்தால்தான் தருவேன் என்று சொல்லும் தந்திரம். உழைப்பவர் பக்கம் நிற்கும் சட்டம் என்றால் செய்த அளவுக்குக் கொடு என்று சொல்லும். செய்யாத அளவைக் காட்டிச் செய்ததைப் பறி என்று சொல்லாது.

இதே மனு, சில பக்கங்கள் தள்ளி, இன்னொன்றும் சொல்கிறார். மனைவி, மகன், அடிமை ஆகிய மூவருக்கும் சொத்து கிடையாது. அவர்கள் எதைச் சம்பாதித்தாலும் அது அவர்களுக்கு உரியவர் யாரோ அவருக்குச் சொந்தம். இந்தச் சுலோகத்தைப் பெண்ணின் சொத்துரிமை பற்றிய பேச்சில் அடிக்கடி கேட்டிருப்போம். கூலிச் சட்டத்தின் பகுதியாக யாரும் படிப்பதில்லை. ஆனால் கூலியைப் பற்றிய மிகப் பெரிய விதி இதுதான். மேலே சொன்ன எல்லா விதிகளையும் கடந்து, பேசியபடி வேலையை முடித்து, தாமதமில்லாமல் முழுக் கூலியும் வந்துவிட்டாலும், அவள் மனைவியாக இருந்தால் அது அவளுடைய கூலி அல்ல. எசமான் ஏமாற்றினால் வழக்குப் போடலாம். ஏமாற்றாமல் கொடுத்தால் வழக்கே இல்லை, அவளுக்குக் காசும் இல்லை. இந்த நூலைத்தான் நியாயமான கூலிக்குச் சான்றாக ஓர் அமைச்சகம் காட்டியது.

அர்த்தசாஸ்திரத்தில் பெண் கூலியாட்களுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. இரண்டாம் அதிகாரத்தில் நூல் கண்காணிப்பாளரைப் பற்றிய பகுதி. அரசனின் நூற்பு வேலையை மேற்பார்வை செய்யும் அதிகாரி அவர். பஞ்சு, கம்பளி, சணல், மரநார் முதலியவற்றை நூற்க யாரை வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு பட்டியல் தரப்படுகிறது. கைம்பெண்கள், உடல் ஊனமுற்ற பெண்கள், மணமாகாத பெண்கள், வீட்டைத் துறந்த பெண்கள், அபராதத்தைக் கட்ட முடியாமல் உழைத்துத் தீர்க்கும் பெண்கள், கணிகையரின் தாய்மார், அரண்மனையில் வேலை செய்து முதுமையடைந்த அடிமைப் பெண்கள், கோயில் பணியிலிருந்து நின்றுவிட்ட பெண்கள். பட்டியலைப் பார்த்தாலே தெரியும். கேட்க நாதியில்லாத பெண்கள் என்று சமூகம் யாரை நினைத்ததோ அவர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ்.

நூலின் மென்மை பார்த்துக் கூலி. மெல்லியது, நடுத்தரம், தடிப்பு என்று மூன்று தரம். அளவும் பார்ப்பார்கள். கொடுத்த பஞ்சுக்கு நூல் குறைந்தால் பஞ்சின் மதிப்புக்கு ஏற்பக் கூலி குறையும். வீட்டை விட்டு வெளியே வராத பெண்களுக்குப் பணிப்பெண் மூலமாகப் பஞ்சை அனுப்ப வேண்டும். தாங்களே வருபவர்கள் விடியற்காலையில் நூலைக் கொடுத்துக் கூலி வாங்கிப் போகலாம். நூலைப் பார்க்க மட்டுமே விளக்கு. அதிகாரி பெண்ணின் முகத்தை உற்றுப் பார்த்தாலோ வேலையல்லாத பேச்சுப் பேசினாலோ அபராதம். கூலியைத் தாமதித்தால் நடுத்தர அபராதம், அது நூற்றுக்கணக்கான பணம் வரும். வேலையிடத்துப் பாலியல் தொல்லையைப் பற்றி இவ்வளவு பழைய நூல் யோசித்திருக்கிறதே என்று வியப்பவர்கள் இந்தப் பகுதியைக் காட்டுவார்கள். கருத்தரங்குகளில் நானே கேட்டிருக்கிறேன். சரியாகத்தான் காட்டுகிறார்கள். ஆனால் ஒரு வரிக்கு முன்னால் நிறுத்திவிடுகிறார்கள்.

நிறுத்தும் வரி இதுதான். கூலியை வாங்கிக்கொண்டு வேலையைச் செய்யாத பெண்ணுக்குக் கட்டைவிரலும், அதோடு சேர்ந்து இடுக்கி போலப் பிடிக்கும் விரலும் போகும். பஞ்சைத் தின்றவள், திருடியவள், எடுத்துக்கொண்டு ஓடியவள் ஆகியோருக்கும் அதே தண்டனை. விளக்கங்களில் சிறு வேறுபாடு இருந்தாலும், ஷாமசாஸ்திரியின் 1915ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு முதல் இதை விரல் வெட்டுவதாகவே படித்து வருகிறார்கள்.

மூன்றாம் அதிகாரத்தில் இதே குற்றத்தைச் செய்த ஆளுக்கு என்ன தண்டனை என்று பார்த்தோம். பன்னிரண்டு பணம், வேலை முடியும்வரை காவல். நோய்க்கும் ஆபத்துக்கும் விலக்கு, பதிலாளை வைக்கவும் உரிமை. நூற்கும் பெண்ணுக்கான வரியில் விலக்கு எதுவும் சொல்லப்படவில்லை. ஊனமுற்றவர்களும் முதியவர்களும் நிறைந்த பட்டியலைப் போட்டுவிட்டு, அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகும் என்று நூல் யோசிக்கவில்லை. கதிர் சுற்றி நூல் முறுக்குவது கட்டைவிரலும் பக்கத்து விரலும்தான். அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் அவள் இனி எங்கும் நூற்க முடியாது. வாங்கிய கூலியை உழைத்துக் கழிக்கவும் முடியாது. ஏகலைவனின் கட்டைவிரலுக்காகப் பேச நமக்கு ஒரு மொழி கிடைத்திருக்கிறது. நூற்றவளின் கட்டைவிரலுக்காக ஒரு வரிகூட எழுதப்படவில்லை. அவளுக்குப் பெயரும் இல்லை.

‘இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய தண்டனையை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா?’ என்று கேட்பார்கள். பழையதை இன்றைக்கு வழிகாட்டியாக வைத்தது நான் அல்ல, அமைச்சகம். வழிகாட்டி என்று நீட்டினால் அளந்துதான் பார்ப்போம். அதோடு, இந்தத் தர்க்கம் இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே செத்துப்போனதும் அல்ல. முன்பணம் வாங்கியவரின் உடம்பு முன்பணம் கொடுத்தவருக்கு ஈடு என்பதுதான் அந்தத் தர்க்கம். 1859இல் ஆங்கிலேயர் இதையே ஒரு சட்டமாக இயற்றினார்கள். முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலைக்கு வராவிட்டால் எசமான் குற்றவியல் நடுவரிடம் புகார் செய்யலாம். பணத்தைத் திருப்பிக் கொடு அல்லது வேலையைச் செய் என்று நடுவர் ஆணையிடுவார். மீறினால் மூன்று மாதம்வரை கடுங்காவல். கூலி கொடுக்காத எசமானுக்கு அந்தச் சட்டத்தில் சிறை இல்லை. சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களுக்கென்று தொடங்கி மற்ற இடங்களுக்கும் பரவிய அந்தச் சட்டம் 1926இல்தான் முடிவுக்கு வந்தது. கௌடில்யரும் கும்பினி வழி வந்தவர்களும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே மாதிரி யோசித்தார்கள்.

நம் பக்கத்துப் பேச்சில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. ‘கைநீட்டி வாங்கிட்டோம்.’ செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ முன்பணம் வாங்கிப் போகும் குடும்பங்கள் சொல்வது. நீட்டிய கையைத் திரும்ப இழுத்துக்கொள்ள முடியாது என்பது அதன் பொருள். அந்தக் கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் போட்டவை. ஒரு கணவனும் மனைவியும் 40,000 ரூபாய் முன்பணம் வாங்குகிறார்கள். ஆயிரம் கல்லுக்கு 800 ரூபாய் என்று பேச்சு. இருவரும் சேர்ந்து வாரத்தில் ஐயாயிரம் கல் அறுத்தால் 4,000 ரூபாய். அதில் வாரச் செலவுக்கு 1,500 கையில் கொடுத்துவிட்டு, மீதி 2,500 முன்பணத்தில் கழியும் என்பார்கள். அப்படிக் கழிந்தால் பதினாறு வாரத்தில் கடன் தீர வேண்டும். தீராது. மழை பெய்து பச்சைக் கல் கரைந்தால் அந்த வாரம் அறுத்தது கணக்கில் வராது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று இரண்டாயிரம் வாங்கினால் கடனோடு சேரும். மழையில் கரைந்த கல்லுக்கும் அவள் மண் பிசைந்தாள், அறுத்தாள், அடுக்கினாள். ஆனால் சுட்ட கல்லாக எண்ணப்படாத உழைப்பு உழைப்பாக எண்ணப்படவில்லை. மிகக் கொஞ்சம் குறைந்தாலும் கூலி இல்லை என்ற மனுவின் வரி, சுலோகம் தெரியாதவரின் நோட்டுப் புத்தகத்தில் நடைமுறையாக இருக்கிறது.

அந்த நோட்டில் யார் பெயர் இருக்கிறது? இதை வகுப்பில் ஒருமுறை கேட்டபோது ஒரு மாணவி சொன்னாள்: “எங்கம்மா பேருல ஒண்ணும் இல்ல மேம். முன்பணம் வாங்குனது, கணக்கு எழுதுனது எல்லாம் எங்கப்பா பேருதான். அம்மாவும்தான் போறாங்க, ஆனா ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே கணக்கு.” சூளையில் கணவனும் மனைவியும் ஒரு சோடி. கூலி சோடிக்கு, பெயர் ஆணுக்கு. அவள் உழைப்பு எவ்வளவு என்று தனியாக எழுதப்படுவதே இல்லை. எழுதப்படாத கூலி ஏமாற்றப்பட்டதா இல்லையா என்று எப்படி நிரூபிப்பது? மனைவியின் சம்பாத்தியம் அவளுக்கு உரியவருடையது என்ற சுலோகத்துக்கு இதைவிடத் தெளிவான உரை எனக்குத் தெரியவில்லை. கடன் மட்டும் அப்படி இல்லை. கணவன் ஓடிப்போனாலோ இறந்தாலோ கடன் அவள் தலைக்கு வந்துவிடும்.

இந்தக் கணக்கை உடைக்கும் சட்டம் நம்மிடம் உண்டு. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், முன்பணத்துக்கு ஈடாக உழைப்பைக் கட்டிப்போடும் எந்த ஒப்பந்தமும், வழக்கமும், பத்திரமும் செல்லாது என்றது. அந்தக் கடனைத் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பையும் அழித்தது. 1982இல் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாக வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான், அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது என்றது. பசி விரட்டுவதும் ஒரு கட்டாயம்தான் என்று ஒப்புக்கொண்ட தீர்ப்பு அது. கட்டாய உழைப்பு இருக்கிறதென்று தெரிந்தால் அதன் பின்னால் முன்பணம் இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 1984இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. முன்பணத்துக்கு ரசீது எங்கே என்று கூலிக்காரியைக் கேட்க முடியாது, இல்லை என்று காட்ட வேண்டியது எசமான்தான். 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், அந்தக் கூலியை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளியே கையெழுத்துப் போட்டாலும் அது செல்லாது என்றது.

பழைய நூல்களுக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். அங்கே ஒப்பந்தம் கூலியை அழித்தது. இங்கே கூலி ஒப்பந்தத்தை அழிக்கிறது. இந்தத் திருப்பம் மனுவிடமிருந்து வரவில்லை. குறைந்தபட்சக் கூலிக்கான மசோதாவை 1946இல் மத்திய சட்டசபையில் கொண்டுவந்தவர் அப்போது தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்த டாக்டர் அம்பேத்கர். அதற்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பு, 1927 டிசம்பரில், மகாத்தில் மனுஸ்மிருதியை எரித்தவரும் அவர்தான். எரித்த கைதான் கூலிச் சட்டத்தை எழுதியது. இன்றைய அமைச்சகம் எரிந்த நூலை எடுத்து, அந்தக் கை எழுதிய சட்டத்துக்கு அதுவே மூலம் என்கிறது.

சட்டம் இருந்தும் ஏன் நடக்கவில்லை என்று மாணவிகள் கேட்கிறார்கள். விடுவிக்க வேண்டியவர் வருவாய்க் கோட்டாட்சியரோ சார் ஆட்சியரோதான். அவர் நேரில் போய் விசாரித்து, விடுதலைச் சான்றிதழ் தர வேண்டும். கொத்தடிமை என்று எழுதினால் தன் எல்லையில் கொத்தடிமை இருந்தது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் ‘கூலித் தகராறு’ என்று எழுதி முடிப்பதுண்டு. சூளைக்கு அதிகாரி வரும்போது பேசுவது கணவன். கணக்கைக் காட்டுவது முதலாளி. ஓரமாக நிற்பவளிடம் தனியாக ஒரு கேள்வி கேட்டால்தான் வழக்கு தெரியும்.

அந்தக் கேள்விகளை நாமே கற்றுக்கொள்ளலாம். ஊருக்குப் போகும் ஒவ்வொரு மாணவியும் தன் அம்மாவிடம், சித்தியிடம், பக்கத்து வீட்டு அக்காவிடம் நான்கைக் கேட்கட்டும். கூலி எவ்வளவு என்று பேசியபோது வேறு யார் கூட இருந்தார்கள்? கணக்கில் உன் பெயர் தனியாக இருக்கிறதா? வேலை கொஞ்சம் குறைந்தால் குறைந்ததற்கு மட்டும் பிடிக்கிறார்களா, மொத்தத்தையும் நிறுத்துகிறார்களா? நாளைக்கு நீ வேலையை விட்டு வேறு இடத்துக்குப் போக முடியுமா? கடைசிக் கேள்விக்கு ‘கைநீட்டி வாங்கிட்டேனே’ என்று பதில் வந்தால், அது வெறும் பேச்சு வழக்கு அல்ல, 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு புகார். அதை அப்படியே அவள் வார்த்தையில் எழுதுங்கள், அவள் பெயரில் எழுதுங்கள், மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். கையெழுத்துப் போடத் தெரியாவிட்டால் கைநாட்டு வைக்கட்டும். கட்டைவிரல் அவளுடையது.